சொன்னவர், எழுதியவர்

தம்பி, ஒரு சின்ன உதவி. இந்தப் போனைக் கொஞ்சம் வாங்கி, திரையில் என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்ட முடியுமா? எனக்கு நேற்றுத்தான் இந்தக் கண்ணில் ஆபரேஷன். இன்னொரு கண்ணிலும் புரை, அது அடுத்த மாதம். ஒரு வாரத்துக்குப் போனைப் பார்க்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். பார்த்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை, அது வேறு விஷயம்.

துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாரே, அவர் என் மச்சினன். அவரிடம் கொடுத்தால் வாசிக்க மாட்டார், அபிப்பிராயம் சொல்வார். எழுதியிருப்பது இரண்டு வரி என்றால் அவர் சொல்வது இருபது வரி. நமக்கு அது வேண்டாம். நீங்கள் எதுவரை? கோவில்பட்டியா? நான் திருநெல்வேலி. அப்படியானால் நேரம் இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் எங்கள் கல்லூரிப் பக்கம் இருக்கும். மேலே ஒரு படம், கீழே எழுத்து. அந்த எழுத்துத்தான் வேண்டும். அதைக் கேப்ஷன் என்று சொல்கிறார்கள். நாங்கள் அறிவிப்பு என்போம். முன்பெல்லாம் அறிவிப்புப் பலகையில் குத்திவைப்போம், நான்கு நாளில் மழையில் கரைந்துவிடும். இப்போது கரைவதில்லை, அதுதான் தொந்தரவு.

வாசியுங்கள். மெதுவாக.

‘நீங்கள் முதலாண்டா? வரலாறும் தமிழும் அல்லாத வேறு துறையா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.’

இருங்கள், அங்கேயே நிறுத்துங்கள். முதல் வரியே இப்படியா? ஒரு வணக்கம் இல்லை, வருக இல்லை. வந்தவனை வாசலில் நிறுத்தி, நீ எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பதுபோல. போன வருஷம் இதே வரியைத்தான் நான் எடுத்துவிட்டேன். எடுத்த பாவத்துக்குப் பதினான்கு வருஷம் நடத்திய மன்றத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்தது வாசியுங்கள், சொல்கிறேன்.

‘நம் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் பத்துப் பேர் படிக்கிறோம். தேர்வில் நாங்கள் சொல்வதை எழுத ஆள் வேண்டும். எழுதுபவர் எங்களைவிடக் கீழ்வகுப்பில் இருக்க வேண்டும், எங்கள் பாடத்தைப் படிக்காதவராக இருக்க வேண்டும். விதி அது. அதனால்தான் உங்களைக் கேட்கிறோம்.’

சரிதான். விதி அதுதான். உங்களுக்கு இது புதிதாக இருக்கும். பார்வையில்லாத பிள்ளைக்குப் பரீட்சை என்றால் தனி அறை, தனிக் கண்காணிப்பாளர். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். பக்கத்தில் ஸ்கிரைப், அதாவது எழுதிக்கொடுப்பவர், உட்கார்ந்து கேள்வியை வாசிக்க வேண்டும், அவர்கள் பதில் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அந்த ஸ்கிரைப் அதே பாடம் படித்தவராக இருந்தால் தனக்குத் தெரிந்ததை எழுதிவிடுவார் என்று சந்தேகம் வருமல்லவா? அதனால் வேறு துறை, கீழ்வகுப்பு. எங்கள் கல்லூரியில் பார்வையில்லாத பிள்ளைகள் எல்லாரும் வரலாறும் தமிழும்தான். ஆக, மூன்றாம் ஆண்டுக்காரருக்கு இரண்டாம் ஆண்டோ முதலாண்டோ எழுதலாம். இரண்டாம் ஆண்டுக்காரருக்கு முதலாண்டு மட்டும்தான். முதலாண்டுப் பிள்ளைக்கு யார் எழுதுவது? பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிளஸ் டூ பிள்ளைகள். அதற்குத் தலைமையாசிரியரைப் பார்த்து, பெற்றோர் கையெழுத்து வாங்கி, அது ஒரு தனி அலைச்சல்.

இதில் இன்னொரு வேடிக்கை. நன்றாகப் பழகி, கை ஓடி, பிரமாதமாக எழுதுகிற பையன் மூன்றாம் ஆண்டு போய்விட்டால் யாருக்கும் எழுத முடியாது. முதுகலைப் பிள்ளைகள் இருந்தால் உண்டு. அப்போது இல்லை. ஒவ்வொரு ஜூலையிலும் முதலாண்டுக்காரர்களை வலைபோட்டுப் பிடிக்க வேண்டும். முதலாண்டுக்கு அட்மிஷன் முடிந்து வகுப்பு தொடங்குவதே தாமதம், அவர்களுக்குப் பரீட்சையும் டிசம்பர் கடைசியில்தான். நவம்பரில் மற்றவர்கள் எழுதும்போது இவர்களுக்குக் கை சும்மா இருக்கும். ஸ்கிரைப் சேர்க்கிற எங்கள் மன்றமே அந்த ஒரு மாத இடைவெளியில்தான் நிற்கிறது. அறிவிப்பு சரியாக விழவில்லை என்றால் நவம்பரில் பிள்ளைகள் பேனா இல்லாமல் உட்கார வேண்டியதுதான்.

நான் வணிகவியல். ஆனால் தமிழில் ஒரு பிடிப்பு உண்டு. பட்டிமன்றம் பேசுவேன், உள்ளூர் டிவியில்கூட இரண்டு தடவை. அதனால்தான் பழைய முதல்வர் மன்றத்தை என்னிடம் கொடுத்தார். பயிற்சியும் நானேதான். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் புதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு தாளும் பேனாவும் கொடுப்பேன். ‘நான் சொல்வதை எழுதுங்கள்’ என்பேன். ‘தாஜ்மகாலைக் கட்டியவர் அக்பர்.’ அவ்வளவுதான். பாதிப் பேர் முழிப்பார்கள். கால்வாசிப் பேர் ஷாஜகான் என்று எழுதியிருப்பார்கள். ஒருத்தி கையைத் தூக்கி, ‘சார், தப்பா சொல்றீங்க’ என்பாள். ஷாஜகான் எழுதியவர்களையெல்லாம் எழுப்பி நிற்கவைப்பேன். ‘நீங்கள் ஸ்கிரைப் ஆக முடியாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். தப்பென்றால் தப்பாகவே. மார்க் அவர்களுடையது, தப்பும் அவர்களுடையது. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்ற பிறகுதான் அடுத்த கேள்வி. உங்களுக்குக் கை மட்டும்தான் இங்கே வேலை.’ பிள்ளைகள் அசந்துபோய்விடுவார்கள். பதினான்கு வருஷமும் அதே அக்பர். வேறு கல்லூரிகளிலிருந்துகூட என்னைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

மேலே வாசியுங்கள்.

‘வரலாறு, தமிழ் மாணவர்களே, நீங்களும் வாருங்கள். தேர்வு எழுத அல்ல. பாடம் வாசிக்கவும் ஒலிப்பதிவு செய்யவும். தினமும் மாலை நான்கு முதல் ஐந்து வரை, நூலகக் கீழ்த்தளம், கடைசி அறை.’

இதுவும் போன வருஷம் இருந்ததுதான். அவள் சொன்னாள், நான் போடாமல் விட்டேன். அவள் என்றால் முப்பிடாதி. வரலாறு மூன்றாம் ஆண்டு, பிறவியிலேயே பார்வை இல்லை. செங்கோட்டைப் பக்கம். மன்றத்தின் தலைவி. நான்கு செமஸ்டரிலும் துறையில் முதல் மார்க். வாயைத் திறந்தால் வருஷமும் தேதியும் கொட்டும். அளந்துதான் பேசுவாள், ஆனால் அந்த அளவிலேயே ஆளைக் கவிழ்த்துவிடுவாள்.

போன ஜூலையில் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். ‘சார், கேப்ஷன் யோசிச்சிட்டேன், சொல்றேன், எழுதிக்கிறீங்களா?’ என்றாள். போனிலேயே பேசி எழுதவைக்க அவளுக்குத் தெரியும். ஆனால் கல்லூரிப் பக்கத்தில் போட வேண்டுமென்றால் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட தாள் முதல்வர் அறைக்குப் போக வேண்டும். அதனால் நான் எழுதினேன். ஆறு வரி. இப்போது நீங்கள் வாசித்தீர்களே, கிட்டத்தட்ட அதேதான். எழுதி வைத்துக்கொண்டு, ‘சரிம்மா, பார்த்துக்கொள்கிறேன்’ என்றேன். அவள் போய்விட்டாள்.

படித்துப் பார்த்தேன் தம்பி. ரேஷன் கடை வாசலில் எழுதிப் போட்டதுபோல இருந்தது. யார் வரலாம், யார் வரக்கூடாது, எத்தனை மணிக்கு. ஒரு உயிர் வேண்டாமா? இளம்பிள்ளைகளைத் தொட வேண்டாமா? கொஞ்சம் அழகுபடுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது:

‘இருளில் தவிக்கும் இதயங்களுக்கு
ஒளியேற்ற எழுவாய் இளைஞனே!
விழியிழந்தோர் வாழ்வினிலே
விளக்காக வருக, வருக!
அனைத்துத் துறை மாணவர்களையும் அன்புடன் அழைக்கிறோம்.’

எப்படி இருக்கிறது? ம். அதற்குக் கீழே அறை எண், நேரம், மன்றத்தின் வரலாறு, என் பெயர். பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர் துறைப் பையன் தன் பங்குக்கு ஒன்பது விளக்குப் படங்களை வரிசையாக வைத்தான். நன்றாகத்தான் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேர் லைக் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு முன் கபடி அணிக்குத்தான் அவ்வளவு விழுந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே வந்து நின்றாள். போனை என் மேஜையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். அவர்கள் போன் எல்லாவற்றையும் வாசிக்கும் இல்லையா? அது ஒரு பொம்பளைக் குரலில் வாசிக்கிறது, ‘விளக்காக வருக வருக விளக்கு விளக்கு விளக்கு விளக்கு விளக்கு’ என்று ஒன்பது விளக்கு. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

‘சார், நான் சொன்னது இது இல்லையே.’

‘கருத்து அதேதான்மா. கொஞ்சம் அழகாக்கினேன்.’

‘அழகா இருக்கு சார். அதான் பயமா இருக்கு. எல்லாத் துறையும்னு போட்டுட்டீங்களே, பரீட்சைக்கு யார் எழுதுவா?’

‘வரட்டும்மா, வந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம். முதல் வரியிலேயே நீ வராதே, நீ வராதே என்றால் யார் வருவார்கள்?’

‘வராதேன்னு சொல்லலையே சார். எதுக்கு வரணும்னு சொன்னேன்.’ போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். ‘அப்புறம் சார், நாங்க இருளில் எல்லாம் தவிக்கலை. நவம்பர்ல எழுத ஆள் இல்லாமத்தான் தவிப்போம். இதை மாத்தலாமா?’

மாற்றலாம். பையனிடம் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் முதல்வர் பார்த்துப் பாராட்டிவிட்டார். பாராட்டியதை மறுபடி எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியுமா? சொன்னேன். ‘சரி சார்’ என்று போய்விட்டாள். அவள் சரி என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஒப்புக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். முந்திய வருஷம் பதினெட்டு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பெயர்ப்பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், முப்பத்தொரு பேர் தமிழும் வரலாறும். பிறகுதான் புரிந்தது. அந்தப் பக்கத்தில் முதல் இரண்டு வரிதான் கண்ணுக்குத் தெரியுமாம். மீதி ‘மேலும்’ என்று ஒரு வார்த்தைக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும். அதைத் தொட்டால்தான் விரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விரலை வைத்துத் தொடக்கூடப் பொறுமை இல்லை. மேலே இருந்த கவிதையைப் பார்த்துவிட்டு, கணிதம், இயற்பியல் பிள்ளைகள் இது கவிதை மன்றம் என்று தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழ்த் துறைப் பிள்ளைகள் இது கவிதை மன்றம் என்று வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு பையன் இரண்டு வாரம் கழித்து, ‘சார், கவியரங்கம் எப்போ?’ என்று கேட்டான். இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த வருஷம் பார்வையில்லாதவர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஒன்பது பேர். எழுதத் தகுதியானவர்கள் பன்னிரண்டு. அதில் ஒருவன் வேறு கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விட்டான். ஒருத்திக்குக் கையெழுத்து சரியில்லை. அழகு வேண்டாம், திருத்துகிறவருக்குப் புரிய வேண்டுமே. அதுவும் இல்லை. மிச்சம் பத்து. போட்டோ ஒட்டி, அடையாள அட்டை நகல் இணைத்து, துறைத்தலைவர் கையெழுத்து வாங்கி, பத்து நாள் முன்னாலேயே தேர்வுக் கண்ட்ரோலர் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. எழுதப்போகிறவரும் சொல்லப்போகிறவரும் முன்கூட்டியே ஒரு தடவை சந்தித்து, வேகம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஆயிற்று. முப்பிடாதிக்குக் கணிதம் முதலாண்டுப் பெண் ஒருத்தி. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

தேர்வு நாள் காலை எட்டே முக்காலுக்கு அந்தப் பெண்ணின் அப்பா போன் செய்கிறார். டெங்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று. அந்தக் காய்ச்சல் அந்த வாரம் வராமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் பொறுப்பாளர்.

பதற வேண்டியதில்லை, இதற்குத்தான் ரிசர்வ் பட்டியல் வைப்போம். நல்ல காரணம் இருந்தால் தேர்வுக்கு முன்னால் ஆளை மாற்றக் கண்ட்ரோலர் அனுமதிக்கலாம். பத்தாவது ஆளைக் கூப்பிட்டேன். இயற்பியல் பையன். முதலாண்டுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அவன் ஊருக்குப் போய்விட்டான், ஊர் ராமநாதபுரம் தாண்டி. அதற்குப் பிறகு பட்டியலில் யார் இருக்கிறார்கள்? எல்லாம் கவிதை கேஸ். முதல் பெயர் ஆஃப்ரின். மேலப்பாளையம், கூப்பிட்டால் இருபது நிமிஷத்தில் வந்துவிடலாம். வரலாறு முதலாண்டு. தெரியும், தெரியும். ஆனால் ஆபத்துக்குப் பாவமில்லை என்று விட்டுவிடுவார்கள், ஒரு மனிதாபிமானம் இருக்கும் என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்கு அந்தப் பிள்ளை மூச்சு வாங்க ஓடிவந்து நிற்கிறது, கையில் போட்டோவோடு. கண்ட்ரோலர் சங்கரபாண்டியன் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

‘ஹிஸ்டரியா?’

‘முதலாண்டுதான் சார், இவளுக்கு இந்தப் பேப்பரே கிடையாது’ என்றேன் நான்.

‘சார், நீங்களே இப்படிப் பேசலாமா? பதினாலு வருஷமா எனக்கு விதி சொல்லிக்கொடுத்தது நீங்கதானே? அவ நாலு செமஸ்டர் ஃபர்ஸ்ட். நாளைக்கு எவனாவது ஒரு பெட்டிஷன் போட்டா, ஹிஸ்டரிப் பொண்ணு எழுதிக்கொடுத்துச்சுன்னுதான் சொல்வான். அவ மார்க்குக்கே அசிங்கம். வேற ஆள் கொண்டாங்க, பத்தரை வரைக்கும் நேரம் இருக்கு.’

பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். நான் போன் போடாத ஆள் இல்லை. விடுதியில் ஒரு வேதியியல் பையன் இருப்பதாகச் சொன்னார்கள், ஓடிப்போனால் அவன் இரண்டாம் ஆண்டு, அவனுக்கே அன்று பரீட்சை. இவள் மூன்றாம் ஆண்டு, எழுதலாம்தான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு அறையில் எப்படி உட்காருவான்? கம்ப்யூட்டரில் தானே தட்டச்சு செய்ய விதி இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே மனுப் போட வேண்டும். போடவில்லை. அவள் கேட்டிருந்தாள், ஜூன் மாதமே. ஸ்கிரைப் இருக்கும்போது அது எதற்கு என்று நான்தான் விட்டுவிட்டேன்.

அந்த அறையை நான் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பெஞ்சின் ஒரு ஓரத்தில் அவள். பக்கத்தில் இடம் காலி. மேஜையில் கேள்வித்தாள், விடைத்தாள், அவள் கொண்டுவந்த இரண்டு பேனா. எழுதுபவருக்குப் பேனாவை அவர்கள்தான் கொண்டுவருவார்கள், அது ஒரு வழக்கம். கண்காணிப்பாளர் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து முப்பத்திரண்டுக்கு அவளே எழுந்து, ‘ஆப்சென்ட் போட்டுருங்க மேடம்’ என்றாள்.

ஒரு பேப்பர் போனால் என்ன, ஏப்ரலில் எழுதிக்கொள்ளலாம் என்று தேற்றினேன். எழுதினாள், எண்பத்தொன்பது. ஆனால் ராங்க் என்பது எல்லாப் பேப்பரையும் முதல் தடவையிலேயே தேறியவர்களுக்குத்தான். அது போயிற்று. அவள் அம்மா பட்டமளிப்பு விழாவுக்குப் பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தார்களாம். மேடையில் பெயர் கூப்பிடுவார்கள் என்று. கூப்பிட்டார்கள், நூற்றிப்பத்தாவது ஆளாக.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன், அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேர்வு முடிந்து கேள்வித்தாள் வெளியே வந்த பிறகு, இரண்டரை மணி இருக்கும். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சிமெண்டு பெஞ்சில் முப்பிடாதியும் அந்த ஆஃப்ரினும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஃப்ரின் அழுது முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. ‘எல்லா டிபார்ட்மெண்ட்டும் வரலாம்னு போட்டிருந்துச்சேக்கா, அதைப் பார்த்துத்தானே வந்தேன்’ என்கிறது. இவள், ‘அதை விடு. கேள்வித்தாளை வாசி’ என்கிறாள். அது வாசிக்கிறது, இவள் பதில் சொல்கிறாள். இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க், ஒன்று விடாமல். சாய்ஸில் விடக்கூடியதையும் விடவில்லை. நான்கு மணி நேரம் இல்லை, ஆனால் ரொம்ப நேரம். நான் கேன்டீனுக்குப் போய்த் திரும்பும்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். யாருக்கு அது? எந்தத் தாளில் ஏறப்போகிறது? ‘போதும்மா, வீட்டுக்குப் போங்க’ என்றேன். அவள் தலையைத் திருப்பாமல், ‘இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு சார்’ என்றாள்.

அவள் புகார் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டும். எழுதியது ஆஃப்ரின். ஒரு பக்கம், முதல்வருக்கு. என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நான் நான்கு பக்கம் கொடுத்தேன். டெங்கு, விடுமுறை, அந்த ‘மேலும்’ மடிப்பு, கண்ட்ரோலரின் பிடிவாதம், எல்லாம் விவரமாக. முதல்வர் முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘அந்தப் பொண்ணு சொன்ன ஆறு வரி எங்க சார்?’ என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் பொறுப்பை ஆங்கிலத் துறை மேடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினான்கு வருஷம். ஒரு சால்வைகூடக் கிடையாது.

எங்கே விட்டோம்? வாசியுங்கள்.

‘சேர்வது எப்படி: வெள்ளி மாலை நான்கு மணி, அறை பதினேழு, அடையாள அட்டையோடு வாருங்கள். பயிற்சி ஒரு மணி நேரம். பிறகு இரண்டு நாள் எங்களுக்குப் பாடம் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் பெயர், துறை, நவம்பரில் ஊருக்குப் போகும் தேதிகள் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டு போட்டோ. எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை, புரிந்தால் போதும். சேவைப் பணிக்கான பகுதி ஐந்து கிரெடிட் உண்டு. சந்தேகமா? கீழே உள்ள எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்புங்கள்.’

ஊருக்குப் போகும் தேதியையும் கேட்கிறார்களா? ம். அது நல்ல யோசனைதான். அறை பதினேழு என் அறை. பயிற்சியில் அந்த அக்பரைச் சொல்கிறார்களா என்று தெரியவில்லை.

‘பரிதாபப்பட்டு வர வேண்டாம். நேரத்துக்கு வந்தால் போதும். ஒரு நாள் வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள்.’

பார்த்தீர்களா? இப்படியா பிள்ளைகளைக் கூப்பிடுவது? உதவி கேட்கிற இடத்தில் அதிகாரம். இன்னும் இருக்கிறதா?

‘படத்தில் இருப்பது: நூலகத்தின் கடைசி அறை. மேஜையின் இந்தப் பக்கம் ஒருவர் புத்தகம் வாசிக்கிறார். அந்தப் பக்கம் இருவர் கேட்கிறார்கள்.’

படத்தைப் பார்க்கிறவனுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? ஓ. ஆமாம். போன் வாசிப்பதற்காக. சரி, சரி. நானும் இப்போது அந்தக் கட்சிதானே, ஒரு வாரத்துக்கு.

‘சொன்னவர்: முப்பிடாதி, முதுகலை வரலாறு முதலாண்டு. எழுதியவர்: ஆஃப்ரின், இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு.’

முடிந்ததா? ஒரு அறிவிப்புக்குக் கீழே இப்படி யார் போடுவார்கள் தம்பி? நான் பதினான்கு வருஷம் போட்ட அறிவிப்பில் ஒன்றில்கூட இப்படி இல்லை. பொறுப்பாளர் என்று ஒரு பெயர், அவ்வளவுதான். இது ஏதோ கோர்ட் வாக்குமூலம் மாதிரி.

இருந்தாலும் பெரியவன் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழே கருத்து எழுத இடம் இருக்குமே, அதில் எழுதுங்கள். நான் சொல்கிறேன். ‘அறிவிப்பு தெளிவாக உள்ளது. ஆனால் தொடக்கம் கடுமையாக உள்ளது. முன்னாள் பொறுப்பாளர் ஞானதுரை.’ அவ்வளவுதான். எழுதினீர்களா? வாசியுங்கள்.

‘அறிவிப்பு மிகவும் தெளிவாக உள்ளது. மனமார்ந்த வாழ்த்துகள். முன்னாள் பொறுப்பாளர் ஞானதுரை.’

நான் வாழ்த்துச் சொன்னேனா? ‘கடுமை’ எங்கே போயிற்று? பிள்ளைகள் மனசு கஷ்டப்படும் என்றா? அதை முடிவு செய்ய நீங்கள் யார் தம்பி? கோபிக்காதீர்கள், தன்மையாகத்தான் கேட்கிறேன். கருத்து என்னுடையது. கீழே போவது என் பெயர். தப்பாக இருந்தாலும் அது என் தப்பு. உங்களுக்கு மாற்ற வேண்டும் என்று தோன்றினால் ஒரு வார்த்தை, ‘மாத்தட்டுமா சார்’ என்று கேட்டிருக்கலாமே. பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன். கண்தான் மறைத்திருக்கிறது, காது கேட்கிறது. நீங்கள் நல்லதாகத்தான் செய்தீர்கள், கொஞ்சம் அழகாகத்தான்...

என்ன ஊர் போகிறது? சாத்தூரா?

இல்லை, ஒன்றுமில்லை. கண் உறுத்துகிறது. சொட்டு மருந்து விடுகிற நேரம். அதை மச்சினன் எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அனுப்பிவிட்டீர்களா? இல்லையே? நல்லது, அழித்துவிடுங்கள். இல்லை, இரண்டும் வேண்டாம். நான் சொன்னதும் வேண்டாம், நீங்கள் எழுதியதும் வேண்டாம்.

கீழே வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா? எத்தனை பேர்? இருபத்தாறா? போட்டு இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லையே. பெயர் மட்டும்தானா, துறையும் போட்டிருக்கிறார்களா? வாசியுங்கள்.

கணிதம். ம். வேதியியல். கணிதம். இயற்பியல். வணிகவியலா? என் துறைப் பிள்ளையா? சரி. விலங்கியல். கணிதம்.

நிறுத்தாதீர்கள் தம்பி, கோவில்பட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என்ன போட்டிருக்கிறதோ அதை வாசியுங்கள். ஒன்றும் விடாமல்.